கஷ்டப்படுத்திய கிளையண்டுக்கு கடைசி மெசேஜ்: எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா பாருங்கள்

பார்வதிபுரத்துக்காரன்
ஜனவரி 8, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் தனியாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன், ஆள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கன்னியாகுமரியில் நாலு அறை ஹோம்ஸ்டே வைத்திருக்கும் ஒருவருக்கு ஜூலையில் வேலை தொடங்கினேன். மொத்தம் 65,000 ரூபாய், இரண்டு மாத வேலை. ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கும் கார்த்திகை முதல் தேதிக்குள் சைட் ஓட வேண்டும் என்பதுதான் பேச்சு. ஓடியது டிசம்பர் 5.

தாமதத்தில் இரண்டு பக்கமும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. போட்டோ அனுப்ப அவருக்கு ஏழு வாரம் ஆனது. அதுவும் வாட்ஸ்அப்பில் வந்து, பெரிதாக்கினால் கட்டில் எது கதவு எது என்று தெரியவில்லை. அறை வாடகையை ஒன்பது முறை மாற்றினார். நானும் நடுவில் பத்து நாள் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தேன். இரவு பதினொன்றுக்கு வாய்ஸ் நோட் வரும். "டே, அந்த நீலம் கடல் மாதிரி இல்லியே" என்று நாலு நிமிடம்.

டிசம்பர் 20-ல் மீதி 40,000 வர வேண்டிய இடத்தில் 36,000 வந்தது. "வரி பிடிச்சிருக்கு" என்றார். இப்போது ரெஸ்டாரண்ட் ஒன்று திறக்கிறாராம், "அதுக்கும் ஒண்ணு போட்டிரலாம்" என்கிறார். எனக்கு வேண்டாம். சண்டையும் வேண்டாம். கீழே உள்ளதை எழுதி வைத்திருக்கிறேன்:

> வணக்கம் அண்ணாச்சி. என் மேல் நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு மிக்க நன்றி. பேசியதைவிட அதிகமாகவே செய்து கொடுத்திருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். போட்டோ தாமதமாக வந்ததால்தான் கார்த்திகை சீசனைப் பிடிக்க முடியவில்லை. கடைசித் தொகையில் 4,000 குறைத்தது கொஞ்சம் வருத்தம்தான், பரவாயில்லை. இப்போதைக்கு கையில் வேலை அதிகம் இருப்பதால் ரெஸ்டாரண்ட் சைட்டை எடுக்க முடியாத நிலை. ஏதாவது சந்தேகம் என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். தவறு ஏதும் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். எப்படி இருக்கிறது?

---

குளச்சல் கடற்காற்று
ஜனவரி 8, இரவு 11:05

4,000 ரூபாயை விட்டுக்கொடுக்காதே தம்பி. ஹோஸ்டிங் உன் கையில்தானே இருக்கிறது? சைட்டை ஒருநாள் இறக்கி வை, மறுநாள் பணம் வரும். இந்த மாதிரி ஆட்களுக்கு மெசேஜ் எல்லாம் வேலைக்காகாது.

---

பார்வதிபுரத்துக்காரன்
ஜனவரி 8, இரவு 11:12

அண்ணே, பணம் வாங்குவது எப்படி என்று நான் கேட்கவில்லை. மரியாதையாக விலகுவது எப்படி என்றுதான் கேட்டேன்.

---

குளச்சல் கடற்காற்று
ஜனவரி 8, இரவு 11:15

இரண்டும் ஒன்றுதான்.

---

தக்கலை கணக்கு
ஜனவரி 9, காலை 7:20

ஒன்றில்லை. சைட்டை இறக்கினால் அவருக்கு வரும் அறை புக்கிங் நிற்கும், அந்த நஷ்டத்தை உங்கள் தலையில் எழுதுவார். அதைவிட முக்கியம், அந்த 4,000 ஏமாற்றா இல்லையா என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியாது.

ஒரு கேள்வி. அவருக்கு ஹோம்ஸ்டே தவிர வேறு வியாபாரம் உண்டா?

---

பார்வதிபுரத்துக்காரன்
ஜனவரி 9, காலை 7:48

உண்டு. சிமென்ட், கம்பி மொத்தக் கடை. பெரிய கடைதான். வேலை தொடங்கும்போது என் பான் எண்ணை வாங்கினார், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

---

தக்கலை கணக்கு
ஜனவரி 9, காலை 8:10

அப்படியானால் அவர் செய்தது பெரும்பாலும் சரி. தனிநபராக இருந்தாலும், போன வருடம் வியாபார வரவு ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் உங்களைப் போன்றவருக்குப் பணம் கொடுக்கும்போது டிடிஎஸ் பிடிக்க வேண்டும். நாலு அறை ஹோம்ஸ்டே மட்டும் என்றால் அந்தக் கேள்வியே வராது. கம்பிக் கடை இருப்பதால் வருகிறது. 40,000-ல் பத்து சதவீதம் 4,000. கணக்கு சரியாக விழுகிறது பாருங்கள். ஆத்திரத்தில் குறைப்பவர் இப்படிச் சுத்தமாகக் குறைக்க மாட்டார், 5,000 என்று ரவுண்டாகப் பிடிப்பார்.

பிடித்த பணம் உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்டால், வருமான வரித் தளத்தில் உங்கள் 26AS-ல் தெரியும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி வராவிட்டால் திரும்பக் கிடைக்கும். ஆனால் இப்போது போய்ப் பார்த்தால் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிடித்ததற்கு அவர் டிடிஎஸ் ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஜனவரி 31 வரை நேரம் இருக்கிறது. அதன் பிறகும் ஏறச் சில நாள் ஆகும். பிப்ரவரி நடுவில் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், "26AS-ல் வரவில்லை, உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று தனியாக ஒரு வரி.

இன்றைக்கு "குறைத்தது வருத்தம்" என்று எழுதி, பிப்ரவரியில் அது 26AS-ல் வந்து உட்கார்ந்தால் உங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வீர்கள்?

---

கோட்டார் பையன்
ஜனவரி 9, காலை 9:02

மத்தபடி மெசேஜ் ஓகே என்றுதான் எனக்குப் படுகிறது ப்ரோ. போட்டோ லேட் என்பது உண்மைதானே? காரணம் சொல்லாமல் போனால் அவர் அடுத்த ஆளிடமும் இதையேதான் செய்வார். நான் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறேன், ப்ராஜெக்ட் முடிந்தால் எது நன்றாக நடந்தது எது நடக்கவில்லை என்று உட்கார்ந்து பேசுவோம். நேர்மையாகச் சொல்வதில் தப்பில்லை.

---

தோவாளை மலர்க்காரி
ஜனவரி 9, பகல் 12:30

பூச்சந்தை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். என் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கல்யாண மண்டப அலங்காரம் செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் மூன்று நாள் வேலை. முதல் நாள் ராத்திரி "மல்லி வேண்டாம், எல்லாம் வெள்ளை அரளி" என்றார்கள். மறுநாள் விடியற்காலையில் "ஏன் மணமே இல்லை" என்றார்கள். வேலை முடிந்ததும், அடுத்த மகள் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன் என்று சொல்ல ஒரு மெசேஜ் எழுதினேன். உங்களுடையதைவிட நீளம். எது எப்போது மாறியது, யார் சொன்னார்கள், எத்தனை முழம் வீணானது என்று எல்லாம் இருந்தது. ஒரு பொய்கூட இல்லை.

அந்த அம்மா அதை அப்படியே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். எனக்கு அந்த வீட்டில் தெரிந்தது ரெண்டு பேர்தான், மெசேஜைப் படித்தது அறுபது பேர். அதற்கு அப்புறம் மூன்று மண்டபத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீங்கதானா அந்த மெசேஜ் போட்டது?"

கோட்டார் தம்பி, உங்கள் கம்பெனியில் அந்தப் பேச்சு நடந்த பிறகும் எல்லோரும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போவீர்கள். இங்கே ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போகும்போது ஜன்னல் வழியாகக் கல்லெறிந்த மாதிரிதான் அது இருக்கும். காரணம் சொல்வதென்றால் வேலை நடக்கும்போதே சொல்ல வேண்டும்.

---

கோட்டார் பையன்
ஜனவரி 9, பகல் 12:51

அது சரி அக்கா. ஆனால் அவரே "ஏன் வேண்டாம்?" என்று கேட்டால்?

---

மேம்பாலத்துக்குக் கீழே
ஜனவரி 9, மாலை 6:15

பதினாலு வருடமாக இதே தொழில், மார்த்தாண்டத்தில். சொல்வதை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் மெசேஜின் வார்த்தைகளைப் பார்க்கிறீர்கள், எனக்கு அதற்கு முந்தைய வேலைதான் கண்ணில் படுகிறது.

பார்வதிபுரத்துத் தம்பி, டொமைன் யார் கணக்கில் இருக்கிறது? கூகுள் மேப்பில் அந்த ஹோம்ஸ்டேயின் பிசினஸ் ப்ரொஃபைல் யார் மெயிலில் இருக்கிறது? வேர்ட்பிரஸ்தானே, அட்மின் யார்?

---

பார்வதிபுரத்துக்காரன்
ஜனவரி 9, மாலை 6:40

எல்லாம் என் மெயிலில்தான் அண்ணே. அவருக்கு மெயில் பார்க்கிற வழக்கமே கிடையாது. மெசேஜ் அனுப்பிய பிறகு மெதுவாக மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

---

மேம்பாலத்துக்குக் கீழே
ஜனவரி 9, இரவு 7:25

அதுதான் தவறு. சாவிக்கொத்து முழுக்க உங்கள் இடுப்பில் இருக்கும்போது "போய்வருகிறேன்" என்று எழுதினால், படிக்கிறவருக்கு அது மிரட்டலாகத்தான் கேட்கும். நீங்கள் எவ்வளவு இனிமையாக எழுதினாலும் சரி. அதன்பின் ஒப்படைப்பு நடக்கும் நாள் எல்லாம் அவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். விடைபெற்ற ஆள் தினமும் போனில் இருப்பது எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். கடைசி மெசேஜ் அனுப்பும் அன்று, உங்களிடம் கேட்க அவருக்கு ஒன்றுமே மிச்சம் இருக்கக் கூடாது.

டொமைன் எளிது. அதே கம்பெனியில் அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து உள்ளுக்குள்ளேயே மாற்றிவிடுங்கள். வேறு கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள், தேவையில்லாமல் நாள் இழுக்கும்.

கூகுள் ப்ரொஃபைலில்தான் பலர் மாட்டுவார்கள். அவரை ஓனராகச் சேர்த்த உடனே பிரைமரி ஓனர் ஆக்க முடியாது. சேர்ந்து 7 நாள் கழிய வேண்டும். அதற்கு முன் முயன்றால் விடாது. ஆகவே நாளைக் காலையில் மெசேஜ் என்பதை மறந்துவிடுங்கள். இன்று ராத்திரியே அவரைச் சேருங்கள். 17-ம் தேதி மாற்றிக் கொடுத்துவிட்டு, 18-ம் தேதி மெசேஜ் அனுப்புங்கள். மரியாதை பாதி அந்த ஒன்பது நாளில்தான் இருக்கிறது.

வேர்ட்பிரஸில் இரண்டு இடம் கவனம். ஒன்று, செட்டிங்ஸில் இருக்கும் அட்மின் மெயில். அதை மாற்றினால் புது மெயிலுக்கு ஒரு லிங்க் போகும், அதை அவர் தட்டும் வரை பழைய மெயில்தான் இருக்கும். அவர் மெயில் பார்க்க மாட்டார் என்கிறீர்கள், ஆகவே நேரில் போய் அவர் போனிலேயே தட்ட வையுங்கள். இரண்டு, உங்கள் யூசரை நீக்கும்போது உங்கள் பெயரில் உள்ள பக்கங்களை என்ன செய்ய என்று கேட்கும். `Delete all content` என்பதைத் தொட்டால் நீங்கள் எழுதிய பக்கம் எல்லாம் சேர்ந்து போகும். `Attribute all content to` என்பதில் அவர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் முழு பேக்கப் ஒன்று எடுத்து பென் டிரைவில் அவர் கையில் கொடுங்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 2019-ல் ஒருவரிடமிருந்து அழகான வார்த்தையில் விலகினேன், எல்லோரும் மெச்சினார்கள். புக்கிங் படிவம் மட்டும் என் மெயிலுக்கே வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த மெயில் பெட்டியை நான் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். ஐந்து வாரம் கழித்து அவர் கூப்பிட்டு, "ஒருத்தனும் ரூம் கேட்கல்ல" என்றார். திறந்து பார்த்தால் 23 பேர் கேட்டிருந்தார்கள். அந்த அழகான மெசேஜுக்கு அப்புறம் என்ன மதிப்பு சொல்லுங்கள்.

---

பார்வதிபுரத்துக்காரன்
ஜனவரி 9, இரவு 8:02

அய்யோ. என் படிவமும் என் மெயிலுக்குத்தான் வருகிறது, டெஸ்ட் பண்ணுவதற்காகப் போட்டது அப்படியே கிடக்கிறது. இப்போதே மாற்றுகிறேன். கூகுளிலும் அவரைச் சேர்த்துவிட்டேன்.

---

நாஞ்சில் வாத்தியார்
ஜனவரி 10, காலை 6:05

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கட்டுரை திருத்திய கை, அதனால் மெசேஜை மட்டும் பார்க்கிறேன்.

நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் யாரும் "போகிறேன்" என்று சொல்லி விலகுவதில்லை. சாவு வீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் "போய்ட்டு வாறேன்"தான். நாக்கு தானாகத் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிடும். அது உங்கள் மெசேஜில் மூன்று இடத்தில் நடந்திருக்கிறது. "இப்போதைக்கு" என்கிறீர்கள், அவர் காதில் அது "தை முடியட்டும்" என்று விழும். "வேலை அதிகம் இருப்பதால்" என்கிறீர்கள், அதற்கு அவர் பதில் தயாராக இருக்கிறது: "அவசரமில்ல டே, முடிச்சிட்டு வா". "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்பதைச் சொல்லவே வேண்டாம், இரவு பதினொரு மணி வாய்ஸ் நோட்டுக்கு நீங்களே கொடுக்கும் அழைப்பிதழ் அது.

காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அது பேரம் பேசும் பொருளாகிவிடும். நேரம் இல்லை என்றால் நேரம் தருவார். சம்பளம் போதாது என்றால் ஆயிரம் கூட்டுவார். "எடுக்கவில்லை" என்ற ஒரு சொல்லுக்குப் பேரம் கிடையாது. "எடுக்க முடியாத நிலை" என்பது என்ன? அந்த நிலை யாருடையது? நீங்கள் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"பரவாயில்லை" என்பதையும் அடியுங்கள். பரவாயில்லை என்று எழுதப்படும் விஷயம் எதுவும் பரவாயில்லாத விஷயம் அல்ல. கடைசி வரியில் உள்ள மன்னிப்பு, எதற்கு என்று சொல்லாத மன்னிப்பு. கல்யாணப் பத்திரிகையில் "நேரில் அழைத்ததாகக் கருதி" என்று போடுவது போல, எல்லோருக்கும் பொருந்தும், யாரையும் தொடாது. நடுவில் பத்து நாள் பதில் சொல்லாமல் இருந்தேன் என்கிறீர்களே, மன்னிப்பு வேண்டுமானால் அதற்குக் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நன்றியும் அப்படித்தான். "நம்பிக்கைக்கு மிக்க நன்றி" என்பது வங்கி அனுப்பும் வாசகம். இந்த ஆறு மாதத்தில் அவர் செய்த ஒரு நல்ல காரியம் உங்களுக்கு நினைவு வருகிறதா?

---

பார்வதிபுரத்துக்காரன்
ஜனவரி 10, காலை 9:30

ஐயா, யோசித்துப் பார்த்தேன். ஒன்று உண்டு. கடைசியில் போட்டோவை நானே போய் எடுத்தேன், அன்றைக்கு நல்ல மழை, மத்தியானம் கரண்டும் போய்விட்டது. அண்ணாச்சி கம்பிக் கடையிலிருந்து ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து, அறை அறையாக விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. சைட்டில் இருக்கும் நல்ல படம் எல்லாம் அன்று எடுத்ததுதான்.

---

நாஞ்சில் வாத்தியார்
ஜனவரி 10, காலை 9:44

போதும். அதை எழுதுங்கள்.

---

குளச்சல் கடற்காற்று
ஜனவரி 10, காலை 10:20

எல்லாம் சரி, ஆனால் எங்கள் ஊரில் இப்படி மெசேஜில் உறவை முறித்தால் அதைவிட அவமானம் கிடையாது. நேரில் போய்ச் சொல்லு, இல்லை போன் போட்டுச் சொல்லு. நாளைக்கு சவேரியார் கோயில் திருவிழாவிலோ மண்டைக்காடு கொடையிலோ எதிரே வந்தால் முகத்தைத் திருப்பவா போகிறாய்? சின்ன ஜில்லா இது.

---

தோவாளை மலர்க்காரி
ஜனவரி 10, காலை 11:15

இதில் கடற்காற்று அண்ணன் சொல்வது சரிதான். முதலில் பேச்சு, பிறகு எழுத்து. போனில் சொல்லும்போது அவர் கோபத்தைக் கொட்டிவிடுவார், எழுத்து போகும்போது சூடு ஆறியிருக்கும். நான் அன்று செய்த தப்பில் அதுவும் ஒன்று.

---

மேம்பாலத்துக்குக் கீழே
ஜனவரி 10, பகல் 1:40

எனக்கு இதில் பாதி சம்மதம்தான். போனில் பேசினால் நம் பிள்ளைகள் கட்டாயம் இளகிவிடும். "சரி அண்ணாச்சி, பார்க்கலாம்" என்று வாயில் வந்துவிடும், அப்புறம் மெசேஜில் "எடுக்கவில்லை" என்று எழுதினால் இரண்டு நாக்கு ஆகிவிடும். ஒப்படைக்க நேரில் போகத்தானே போகிறார், அங்கேயே கிளம்பும் முன் ஒரு வாக்கியம் சொல்லட்டும். உட்கார்ந்து பேசாமல், செருப்பு மாட்டிக்கொண்டே. மறுநாள் மெசேஜ்.

---

தோவாளை மலர்க்காரி
ஜனவரி 10, பகல் 2:05

செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னால் பயந்து ஓடுகிற மாதிரி இருக்காதா? காபி குடித்துவிட்டுச் சொன்னால் என்ன? உங்களுக்கும் எனக்கும் இதில் ஒத்துவராது போலிருக்கிறது.

---

பார்வதிபுரத்துக்காரன்
ஜனவரி 13, இரவு 9:50

எல்லோரும் சொன்னதை வைத்து மறுபடி எழுதினேன். 18-ம் தேதி அனுப்பப் போவது இது:

> அண்ணாச்சி, வணக்கம். ஹோம்ஸ்டே சைட் வேலை நேற்றோடு முடிந்தது. டொமைன், ஹோஸ்டிங், கூகுள் மேப் மூன்றும் இப்போது உங்கள் கணக்கில் இருக்கின்றன. பாஸ்வேர்டு எல்லாம் நேற்று கொடுத்த நோட்டில் இருக்கிறது. ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் ஜூலை 9. நான் செய்த பக்கங்களில் பிழை கண்ணில் பட்டால் பிப்ரவரி 15-க்குள் சொல்லுங்கள், சரிசெய்து தருகிறேன். அதன் பிறகு சைட்டை வேறு ஆளிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ரெஸ்டாரண்ட் சைட்டை நான் எடுக்கவில்லை. அக்டோபரில் பத்து நாள் பதில் சொல்லாமல் இருந்தது என் தவறு. அந்த மழையில் நீங்கள் விளக்குப் பிடித்து நின்றதால்தான் படங்கள் அப்படி வந்தன. நன்றி.

---

மேம்பாலத்துக்குக் கீழே
ஜனவரி 13, இரவு 10:12

பாஸ்வேர்டை மெசேஜில் போடாமல் நோட்டில் எழுதிக் கொடுத்தது நல்லது. அக்காவின் அறுபது பேர் குரூப்பை மறக்காதீர்கள்.

"பிழை" என்பதை மட்டும் கொஞ்சம் இறுக்குங்கள். அவருக்கு நீலம் பிடிக்காததும் பிழைதான். "பக்கம் திறக்கவில்லை, படிவம் போகவில்லை என்பது போன்ற பிழை" என்று எழுதுங்கள். இல்லையென்றால் பிப்ரவரி 14 ராத்திரி உங்களுக்கு ஒரு பட்டியல் வரும்.

---

கோட்டார் பையன்
ஜனவரி 13, இரவு 10:30

பத்து நாள் என் தவறு என்று எழுத்தில் கொடுப்பது ஆபத்து இல்லையா? நாளைக்கு அவர் அதையே பிடித்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டால்?

---

தக்கலை கணக்கு
ஜனவரி 13, இரவு 10:47

பணம் முழுக்கக் கொடுத்து முடித்து, சைட்டும் ஓடுகிறது. இந்த நிலையில் அதை வைத்து என்ன செய்யப் போகிறார்? பணம் பாக்கி இருந்திருந்தால் நானும் அந்த வரியை எடுக்கத்தான் சொல்வேன். 4,000 பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குத் திருப்தி.

---

பார்வதிபுரத்துக்காரன்
ஜனவரி 19, காலை 10:25

முந்தாநாள் மாலை நேரில் போனேன். அட்மின் மெயில் லிங்கை அவர் போனிலேயே தட்ட வைத்தேன், கூகுளும் மாறிவிட்டது. வேர்ட்பிரஸில் என் யூசரை நீக்கும்போது அண்ணன் சொன்ன அதே கேள்வி வந்தது. தெரியாமல் இருந்திருந்தால் முதல் பட்டனைத்தான் தொட்டிருப்பேன். காபியும் குடித்தேன், செருப்பும் மாட்டினேன், வாசலில் நின்று "ரெஸ்டாரண்ட் சைட் நான் எடுக்கல்ல அண்ணாச்சி" என்றேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. "ம்" என்றார்.

நேற்றுக் காலை மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது. சரி, முடிந்தது என்று இருந்தேன். ராத்திரி 11:10-க்கு வாய்ஸ் நோட். "டே, சைட் வேண்டாம், சரி. ரெஸ்டாரண்டுக்கு மெனு கார்டு மட்டும் போட்டுத் தாயேன். ரெண்டு பக்கம்தான்."

இதற்கு என்ன பதில் எழுத?

---

நாஞ்சில் வாத்தியார்
ஜனவரி 19, காலை 10:41

இப்போது எழுதாதீர்கள். நாளைக் காலை பத்து மணிக்கு எழுதுங்கள், இரவு வந்ததற்குப் பகலில்தான் பதில் வரும் என்று அவர் பழகட்டும். "மெனு கார்டும் நான் எடுக்கவில்லை அண்ணாச்சி." புதிதாக ஒரு காரணமும் சேர்க்க வேண்டாம்.

---

தோவாளை மலர்க்காரி
ஜனவரி 19, பகல் 12:20

வடசேரியில் மெனு கார்டு அடிக்கும் பிரஸ் நாலைந்து இருக்கிறதே, ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருக்கும் உதவி.

---

மேம்பாலத்துக்குக் கீழே
ஜனவரி 19, பகல் 12:33

சொல்லாதீர்கள். அங்கே எழுத்துப்பிழை வந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்.

---

தோவாளை மலர்க்காரி
ஜனவரி 19, பகல் 12:36

நான் சொல்வேன்.